பழைய வீடு விற்கும் முன்பே புது வீடு: பிரிட்ஜ் லோனை நாள் கணக்கில் போட்டுப் பார்ப்பது எப்படி

புது வீடு பிடித்துவிட்டது, விற்பவர் குறித்த தேதிக்குள் பணம் கேட்கிறார். பழைய வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், ஆனால் இன்னும் விலை படியவில்லை. கையில் இருக்க வேண்டிய பணம் பழைய வீட்டின் சுவருக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் எடுப்பதுதான் பிரிட்ஜ் லோன். பழைய வீட்டை, சில சமயம் இரண்டு வீட்டையும், அடமானமாக வைத்துச் சில மாதங்களுக்குப் பணம் வாங்கி, பழைய வீடு விற்றதும் அசலை மொத்தமாகத் திருப்பிக் கொடுப்பது.

இதை எடுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் "வட்டி எத்தனை சதவீதம்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். ஆனால் இந்தக் கடனின் விலையைத் தீர்மானிப்பது நாட்கள். வட்டி விகிதத்தில் கால் சதவீதம் பேரம் பேசி வாங்கிவிட்டு, விற்பனை இரண்டு மாதம் தள்ளிப்போனால் அந்தப் பேரம் காணாமல் போய்விடும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நாளையும் பணத்தையும் சேர்த்தே எண்ணப் போகிறது.

ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசி வரை போகலாம். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான், அதனால் வெறும் லட்சங்களில் போடுகிறேன். வட்டியும் கட்டணமும் கணக்குக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், உங்கள் கடன் கடிதத்தில் இருப்பதை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: காலண்டர்

வங்கிக்குப் போகும் முன்பு ஒரு தாளில் இரண்டு தேதிகளை எழுதுங்கள். ஒன்று, பிரிட்ஜ் லோன் பணம் வெளியே போகும் நாள், அதாவது புது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நாள். இன்னொன்று, பழைய வீடு விற்ற பணம் கடன் கொடுத்தவர் கணக்கில் போய் விழும் நாள். வட்டி ஓடுவது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பலரும் தப்பு விடுவது இரண்டாவது தேதியில். "மூன்று மாதத்தில் வாங்க ஆள் கிடைத்துவிடும்" என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். ஆள் கிடைப்பது ஒரு கட்டம் மட்டும்தான். அதற்கு அப்புறம் விலை பேசி முடிக்க வேண்டும், அட்வான்ஸ் வாங்கி ஒப்பந்தம் போட வேண்டும், வாங்குபவரின் வக்கீல் பத்திரங்களைப் பார்க்க வேண்டும், அவர் கடன் வாங்குகிறவராக இருந்தால் அவருடைய வங்கி வந்து வீட்டை மதிப்பிட்டுக் கடனை அனுமதிக்க வேண்டும், பிறகு பதிவு, பிறகு பணம். இதில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை வாரம் என்று தனித்தனியாக எழுதிக் கூட்டுங்கள். வாங்குபவரே தன் வீட்டை விற்றுத்தான் உங்களுக்குப் பணம் தரப் போகிறார் என்றால், அவருடைய விற்பனைக்கான வாரங்களும் உங்கள் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

கூட்டி வந்ததற்கு மேல் இன்னும் இரண்டு மாதம் சேர்த்துக் கடன் காலத்தைக் கேளுங்கள். நான்கு மாதம் என்று தோன்றினால் ஆறு மாதக் கடன் வேண்டும். கூடுதல் காலம் கேட்பதால் செலவு கூடுமா என்றால், முன்கூட்டியே அடைத்தால் மீதி வட்டி கிடையாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும் வரை பெரிதாகக் கூடாது. காலம் போதாமல் நீட்டிப்பு கேட்கும்போதுதான் உண்மையிலேயே செலவாகும்.

விற்பனை ஒப்பந்தம் ஏற்கனவே கையெழுத்தாகி, பணம் வரும் தேதியும் தெரிந்திருந்தால், கடன் கொடுப்பவர்கள் சுலபமாக ஒத்துக்கொள்வார்கள், பெரும்பாலும் வட்டியும் கொஞ்சம் இறங்கும். தேதி தெரியாமல் வாங்கும் கடனை அவர்கள் கூடுதல் ஆபத்தாகப் பார்க்கிறார்கள். சில இடங்களில் கையெழுத்தான ஒப்பந்தம் இல்லாமல் பேச்சே எடுக்க மாட்டார்கள். அதனால் முடிந்தவரை பழைய வீட்டை விற்பனைக்குப் போட்ட பிறகு புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். நிறைய பேர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுத்தான் ஓடுகிறார்கள்.

இரண்டாவது: எவ்வளவு தேவை, எவ்வளவு கிடைக்கும்

உதாரணக் குடும்பம் இது. புது வீடு 120 லட்சம், பதிவு, வக்கீல், வீடு மாறும் செலவு எல்லாம் 7 லட்சம், ஆக 127. நீண்டகால வீட்டுக் கடனாக 70 லட்சம் கிடைக்கிறது. சேமிப்பு 15 லட்சம், அதில் 3 லட்சத்தைத் தொடாமல் வைத்துவிட்டு 12 லட்சம் போடுகிறார்கள். 127-இல் 82 போக மீதி 45 லட்சம் துண்டு விழுகிறது. பிரிட்ஜ் லோன் நிரப்ப வேண்டியது இந்த 45-ஐத்தான்.

அந்த 3 லட்சத்தை ஏன் தொடவில்லை என்று கேட்கலாம். அடுத்த சில மாதங்களில் பழைய வீட்டுக் கடனின் தவணை, புதுக் கடனின் தவணை, யாரும் குடியில்லாத வீட்டின் பராமரிப்பு என்று எல்லாம் ஒரே சம்பளத்திலிருந்து போகப் போகிறது. விற்பனை தாமதமானால் அதைத் தாங்க வேறு பணமே இல்லாத நிலையில்தான் ஆட்கள் கிடைத்த விலைக்கு வீட்டைத் தள்ளிவிடுகிறார்கள்.

இப்போது பழைய வீடு. ஏஜென்ட் 90 லட்சம் போகும் என்கிறார். கணக்கில் 90 போடாதீர்கள். பக்கத்தில் அதே மாதிரி வீடுகள் கடைசியாக உண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்று விசாரித்து, அதில் கீழ்ப் பக்கத்து எண்ணை எடுங்கள். கடன் கொடுப்பவரின் மதிப்பீட்டாளரும் அப்படித்தான் எடுப்பார். 84 என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டின் மேல் இன்னும் 10 லட்சம் பழைய கடன் பாக்கி இருக்கிறது.

கடன் கொடுப்பவர் வீட்டு மதிப்பில் 75 சதவீதம் வரை போவார் என்றால், அது 63 லட்சம். ஆனால் அந்த 63-க்குள் பழைய கடனும் அடங்க வேண்டும், ஏனென்றால் வீடு விற்றதும் முதலில் அடைபடுவது அதுதான். ஆகவே பிரிட்ஜ் லோனுக்கு மிஞ்சுவது 53 லட்சம். நமக்கு வேண்டியது 45, தாராளமாக இடம் இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு தாராளம் இல்லை, அதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

பழைய கடன் வேறு வங்கியில் இருந்தால், இரண்டாவது அடமானத்துக்கு அவர்களின் சம்மதக் கடிதம் தேவைப்படலாம். இந்தக் கடிதம் வருவதற்குச் சில வாரங்கள்கூட ஆகும். இதை முதல் நாளே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது: வட்டியை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்

பிரிட்ஜ் லோனில் வட்டி பெரும்பாலும் மாதக் கணக்கில் சொல்லப்படும். "ஒரு சதவீதம்தான்" என்று கேட்கும்போது காதுக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் அது மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்குப் பன்னிரண்டு. எடுத்தவுடன் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள்.

வட்டி கட்டும் விதம் மூன்று. மாதாமாதம் நீங்களே கட்டலாம். அல்லது வட்டி சேர்ந்துகொண்டே போய், வீடு விற்கும்போது அசலோடு சேர்த்துக் கட்டலாம். மூன்றாவது, கடன் கொடுக்கும் அன்றே முழுக் காலத்துக்கான வட்டியை அவர்கள் பிடித்து வைத்துக்கொண்டு மீதியைத் தருவது. இந்த மூன்றாவது முறையில்தான் நிறைய பேர் கடைசி நேரத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நம் குடும்பத்துக்குக் கையில் 45 லட்சம் வேண்டும். மாதம் 1 சதவீதம், ஆறு மாதம், கடன் ஏற்பாட்டுக் கட்டணம் 2 சதவீதம். வட்டியை முன்னாலேயே பிடித்தால் ஆறு சதவீதமும் இரண்டு சதவீதமும் சேர்ந்து எட்டு போய்விடும், கையில் வருவது 92 சதவீதம். ஆகவே 45 கையில் வர, கடன் 49 லட்சமாக இருக்க வேண்டும். வட்டி 2.94, கட்டணம் 0.98 போக 45.08 வரும். "45 லட்சம் அனுமதி" என்ற கடிதத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, பதிவுக்கு முதல் நாள் 41.4 லட்சம்தான் வருகிறது என்று தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் கடன் கடிதத்தில் மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள், "என் பெயரில் எவ்வளவு வெளியே போகும்?" என்று எழுத்தில் வாங்குங்கள்.

மேலே சொன்ன எல்லை ஞாபகம் இருக்கிறதா? 53. கடன் 49 ஆகிவிட்டதால் இப்போது இடைவெளி நான்கு லட்சம்தான். மதிப்பீட்டாளர் 84-க்குப் பதிலாக 78 என்று எழுதினால், 75 சதவீதம் 58.5, பழைய கடன் போக 48.5. கடன் போதாது. ஆகவே மதிப்பீட்டு அறிக்கை வரும் வரை புது வீட்டுக்குப் பெரிய அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதையே வட்டியைக் கடைசியில் கட்டும் முறையில் எடுத்தால் 46 லட்சம் போதும். கட்டணம் 0.92 போக அதே 45.08 கையில் வரும். ஆறு மாத வட்டி 2.76 லட்சம். முன்னால் பிடிக்கும் முறையைவிட வட்டியும் கட்டணமுமாகச் சேர்த்து 24,000 மிச்சம், ஏனென்றால் அங்கே உங்கள் கைக்கே வராத பணத்துக்கும் வட்டி கட்டுகிறீர்கள். கிடைத்தால் இந்த முறையைக் கேட்பதுதான் நல்லது. மாத வருமானத்தில் நிஜமாகவே இடம் இருந்தால் மாதாமாதம் கட்டுவதும் சரி, ஆனால் இரண்டு வீட்டுத் தவணைக்கு மேல் இதுவும் சேரும், நெருக்கிப்பிடித்து அதைச் செய்ய வேண்டாம். நம் உதாரணத்தில் முன்னால் பிடிக்கும் முறைதான் கிடைத்தது என்று வைத்துக்கொண்டு போகலாம்.

கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்கள் குறைந்தால் வட்டி குறையும், கட்டணம் குறையாது. இரண்டு சதவீதக் கட்டணம் ஆறு மாதக் கடனில் வருடத்துக்கு நான்கு சதவீதம் போல, மூன்று மாதத்தில் அடைத்தால் எட்டு சதவீதம் போல. கடன் சில வாரங்களுக்குத்தான் தேவை என்றால், வட்டி கொஞ்சம் கூடினாலும் கட்டணம் குறைந்த கடன்தான் உங்களுக்கு மலிவு.

நான்காவது: கையெழுத்துக்கு முன் தேட வேண்டிய வரிகள்

ஒப்பந்தம் நீளமாகத்தான் இருக்கும். முழுவதையும் வக்கீல் படிக்கட்டும், சில வரிகளை மட்டும் நீங்களே விரலை வைத்துத் தேடுங்கள்.

குறைந்தபட்ச வட்டிக் காலம் என்று ஒன்று இருக்கிறதா? நான் இதைப் பார்க்கத் தவறினேன். பழைய வீடு நினைத்ததைவிட வேகமாக, ஏழு வாரத்தில் விற்றுப் பணம் வந்துவிட்டது. எவ்வளவு வட்டி மிச்சம் என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டு அடைக்கப் போனால், மூன்று மாத வட்டி கட்டாயம் என்று ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது என்று காட்டினார்கள். என் கையெழுத்து அதன் கீழே இருந்தது, வாக்குவாதம் செய்ய ஒன்றுமில்லை. கையெழுத்துக்கு முன்பு கேட்டிருந்தால் அதை ஒரு மாதமாகக் குறைத்திருக்க முடியும், அப்போது பேரம் பேச என் கையில் பலம் இருந்தது.

அடுத்து, முன்னால் பிடித்த வட்டியில் பயன்படாத மாதங்கள் திரும்பி வருமா, அது நாள் கணக்கிலா மாதக் கணக்கிலா? மாதக் கணக்கு என்றால் நான்காம் மாதத்தின் இரண்டாம் நாள் அடைத்தாலும் நான்காம் மாதம் முழுக்கப் போய்விடும். நாள் கணக்கு என்று எழுதி வாங்குங்கள்.

காலம் முடிந்தும் வீடு விற்காவிட்டால் என்ன? நீட்டிப்பு உண்டா, அதற்குக் கட்டணம் எவ்வளவு, நீட்டிப்புக் காலத்தில் வட்டி மாறுமா, நீட்டிப்பு இல்லாமல் தவறினால் அபராத வட்டி எவ்வளவு, எந்த நாளிலிருந்து வீட்டின் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். "அப்போது பார்த்துக்கொள்ளலாம் சார்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை.

கடைசியாக, அடமானம் எதன் மேல்? பழைய வீடு மட்டும் என்றால் ஒரு மாதிரி, புது வீடும் சேர்ந்தால் வேறு மாதிரி. இரண்டும் சேர்ந்திருந்தால், விற்பனை கெட்டுப்போகும்போது நீங்கள் குடியிருக்கும் வீடும் ஆபத்தில் இருக்கிறது.

வீட்டுக் காப்பீட்டையும் பாருங்கள். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் வீடு பூட்டிக் கிடந்தால் பல காப்பீடுகளில் பாதுகாப்பு குறைந்துவிடும். காப்பீட்டு நிறுவனத்துக்கு வீடு காலி என்று முன்னமே தெரிவித்துவிடுங்கள்.

ஐந்தாவது: ஒரு மாதம் தள்ளினால் எவ்வளவு

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் முக்கியமான எண் இதுதான், இதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைக்கலாம். நம் குடும்பத்துக்குப் பிரிட்ஜ் லோன் வட்டி மாதம் 49,000. பழைய கடன் 10 லட்சத்துக்கு வட்டி சுமார் 7,000. காலி வீட்டின் வரி, மின்சாரம், காவல், பராமரிப்பு 6,000. ஆக மாதம் 62,000, நாளுக்கு இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். பழைய கடன் தவணையில் அசல் பகுதியை இதில் சேர்க்கவில்லை, அது செலவு இல்லை, நம் கடன்தான் குறைகிறது. புது வீட்டுக் கடனின் தவணையையும் சேர்க்கவில்லை, விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது போகத்தான் போகிறது.

இந்த எண் கையில் இருந்தால் விலை பேசுவது எளிதாகிவிடும். கடன் எடுத்து இரண்டு மாதம் ஆன நிலையில் இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் 82 லட்சம், சொந்தப் பணம், ஆறு வாரத்தில் பதிவு. இன்னொருவர் 84, ஆனால் கடன் வாங்க வேண்டும், மூன்றரை மாதம் ஆகும். வித்தியாசம் இரண்டு லட்சம் என்றுதான் முதலில் கண்ணில் படும். இரண்டாமவர் இரண்டு மாதம் தாமதம், அதற்கு 1.24 லட்சம் செலவு, ஆக உண்மையான லாபம் 76,000. மேலும் அவருடைய பணம் ஐந்தரையாவது மாதத்தில்தான் வருகிறது. அவர் மூன்று வாரம் தாமதித்தால் ஆறு மாதக் காலம் தாண்டிவிடும். நீட்டிப்புக் கட்டணம் ஒரு சதவீதம் என்றால் 49,000, கூடுதல் நாட்களுக்குச் சுமார் 43,000. இரண்டும் சேர்ந்து 92,000, இருந்த லாபத்தை விழுங்கிவிட்டு மேலும் 16,000 கடிக்கும். அவருடைய கடன் நிராகரிக்கப்பட்டால் மறுபடி முதலிலிருந்து. இந்த நிலையில் நான் 82-ஐத்தான் எடுப்பேன். 84-காரர் பெரிய அட்வான்ஸ் கொடுத்து, கடன் அனுமதிக் கடிதத்தையும் கையோடு காட்டினால் மட்டும் மறுபடி யோசிப்பேன்.

முதலாமவரோடு முடித்தால் கடன் மொத்தம் மூன்றரை மாதம். வட்டி 1,71,500, கட்டணம் 98,000, ஆக 2,69,500. முன்னால் பிடித்த வட்டியில் 1,22,500 திரும்பி வர வேண்டும். மதிப்பீடு, வக்கீல் செலவு இதற்கு மேல்.

மோசமான கணக்கையும் ஒருமுறை போட்டுவிடுங்கள், கடன் எடுப்பதற்கு முன்பே. விற்பனை ஒன்பது மாதம் ஆகிறது, விலை 76-க்கு இறங்குகிறது, நீட்டிப்பில் வட்டி மாதம் ஒன்றரை சதவீதம். நீட்டிப்புக் கட்டணத்தோடு மூன்று மாதச் செலவு 2.7 லட்சம். 76-இல் விற்பனைச் செலவு 2, பழைய கடன் 10, பிரிட்ஜ் 49, இந்த 2.7 எல்லாம் போனால் 12.3 லட்சம் மிஞ்சுகிறது. வலிக்கும், ஆனால் குடும்பம் கவிழாது. விலை 63.7-க்கு வந்தால்தான் கை வறண்டுவிடும். உங்கள் கணக்கில் இந்த எல்லை மதிப்பீட்டுக்குப் பத்து சதவீதம் கீழேயே வந்துவிட்டால், இந்தக் கடனை எடுக்காதீர்கள். புது வீட்டுக்காரரிடம் பதிவைத் தள்ளிவைக்கக் கேளுங்கள், அல்லது பழையதை விற்றுவிட்டுச் சில மாதம் வாடகைக்கு இருங்கள். வீடு இரண்டு முறை மாறும் அலைச்சல் பெரியதுதான், இருந்தாலும் அந்தச் செலவுக்கு ஒரு எல்லை உண்டு.

ஆறாவது: விற்பனை ஓடும் மாதங்கள்

விலையை எப்போது குறைப்பது என்பதைக் கடன் எடுக்கும் நாளிலேயே எழுதி வையுங்கள். உதாரணமாக, முதல் ஆறு வாரத்தில் பார்க்க வந்தவர்கள் நிறைய, ஆனால் யாரும் விலை கேட்கவில்லை என்றால் கேட்கும் விலை கூடுதல். பார்க்கவே யாரும் வரவில்லை என்றால் விலையோ விளம்பரமோ ரொம்பவே தப்பு. அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசித்தால் மனசு வராது, "இன்னும் ஒரு வாரம் பார்ப்போம்" என்றே நான்கு வாரம் ஓடிவிடும், அந்த நான்கு வாரத்துக்கு வட்டி மட்டும் தவறாமல் ஓடும்.

ஆறு மாதக் கடனில் நான்காம் மாத முடிவில் விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை என்றால், அன்றே கடன் கொடுத்தவருக்கு எழுதுங்கள். கடைசி வாரத்தில் நீட்டிப்பு கேட்பவரையும், இரண்டு மாதம் முன்னால் ஏஜென்ட் அறிக்கையோடு கேட்பவரையும் அவர்கள் ஒரே மாதிரி நடத்துவதில்லை.

ஏழாவது: அடைக்கும் நாள்

பதிவுத் தேதி உறுதியானதும் பழைய வங்கி, பிரிட்ஜ் லோன் கொடுத்தவர் இருவரிடமும் கணக்கு முடிக்கும் கடிதம் கேளுங்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்தத் தேதி வரையிலான தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு அனுப்புவது. அந்தக் கணக்கு எண்ணை மின்னஞ்சலில் வந்தபடியே நம்பிப் பணம் அனுப்பாதீர்கள், உங்களிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

எனக்கு நடந்தது இது. கடிதம் வெள்ளிக்கிழமை வரையிலான தொகையைச் சொன்னது. பதிவு வெள்ளி மதியம் முடிந்தது, வாங்கியவரின் வங்கி பணத்தை அனுப்பியது மாலையில், அது கணக்கில் ஏறியது திங்கள் காலை. அனுப்பிய தொகையில் மூன்று நாள் வட்டி குறைந்துவிட்டது. சின்னத் தொகைதான், ஆனால் அது வந்து சேரும் வரை கணக்கு மூடப்படவில்லை, கணக்கு மூடாததால் பத்திரங்கள் வரவில்லை, வாங்கியவர் தினமும் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் முடிந்தால் பதிவைச் செவ்வாய், புதனில் வையுங்கள், அனுப்பும் தொகையில் நான்கைந்து நாள் வட்டியைக் கூடுதலாகச் சேர்த்து அனுப்புங்கள். மிஞ்சியது திரும்பி வரும்.

பணம் போனதும் அடுத்த வாரமே மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: பாக்கி இல்லை என்ற கடிதம், அசல் பத்திரங்கள், பிரிட்ஜ் லோனுக்காக வைத்த அடமானம் நீக்கப்பட்டதற்கான பதிவு. பழைய வீட்டுக்கு வாங்கியவரே விரட்டி வாங்கிவிடுவார். பிரிட்ஜ் லோனுக்குப் புது வீட்டையும் அடமானம் வைத்திருந்தால், அந்தப் பதிவை நீக்க யாரும் விரட்டமாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பயன்படாத வட்டி திரும்பி வர வேண்டியிருந்தால் அந்தக் கணக்கையும் நாள் நாளாகப் போட்டு அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.